இ-வே பில் போட உட்கார்ந்த ஏஜென்ட்

ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி வியாபாரம் பார்க்கும் கல்லூரி நண்பன் ஒருவன் போன மழைக்காலத்தில் கேட்ட கேள்வியிலிருந்து இந்தக் குறிப்பு தொடங்குகிறது. "மாப்ள, ஸ்கிரீனைப் பாத்து தானே கிளிக் பண்ற ஏஐ வந்துருச்சாமே. அதை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உக்கார வெச்சா ராத்திரி பில்லை அதுவே போட்டுருமா?"

அவன் பிரச்சினை எனக்குத் தெரியும். கணக்கு பார்க்கும் பெண் ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து வண்டி வர ஒன்பது, பத்து ஆகும். எந்த வண்டி என்பதே கடைசி நேரத்தில்தான் தெரியும். லோடு ஏறியதும் இ-வே பில் போட்டால்தான் வண்டி கிளம்ப முடியும். அதற்காக இவன் வீட்டிலிருந்து மறுபடி வண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

"போடும், ஆனா போட விடக் கூடாது" என்று அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். ஏன் கூடாது என்று அவன் திருப்பிக் கேட்டபோது என்னிடம் உருப்படியான பதில் இல்லை. பிறகு சில மாலை நேரங்கள் செலவழித்துச் சோதித்துப் பார்த்தேன். அதில் தெரிந்ததுதான் இது.

முதலில், இ-வே பில் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். சரக்கை வண்டியில் அனுப்பும் முன் இணையத்தில் பதிவு செய்து எண் வாங்கும் முறை இது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் ஒரு லட்சம். படிவத்துக்கு இரண்டு பாகம். பார்ட்-ஏ என்பது யார் அனுப்புகிறார், யாருக்கு, என்ன பொருள், என்ன மதிப்பு, இன்வாய்ஸ் எண், தூரம். பார்ட்-பி என்பது வண்டி எண். பார்ட்-பி நிரப்பாமல் பில் செல்லாது. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கில் அதற்கு ஆயுள்.

நமக்கு இங்கே முக்கியமானது, எதைத் திருத்த முடியும், எதை முடியாது என்பது. வண்டி எண்ணை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். வழியில் வண்டி பழுதானால் வேறு வண்டிக்கு மாற்ற வேண்டுமே, அதற்காக வைத்த வசதி. பார்ட்-ஏ அப்படி இல்லை. ஒருமுறை உருவாகிவிட்டால் திருத்தம் கிடையாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து புதிதாகப் போடலாம், அதுவும் வழியில் அதிகாரி அந்த பில்லைச் சரிபார்த்துவிட்டால் முடியாது. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வருகிறேன்.

ஏஜென்ட் உண்மையில் என்ன பார்க்கிறது

2024 அக்டோபரில் ஆந்த்ரோபிக் நிறுவனமும், 2025 ஜனவரியில் ஓபன்ஏஐ நிறுவனமும் இந்த வகை ஏஜென்ட்களைச் சோதனை நிலையில் வெளியிட்டார்கள். பெயர்கள் வேறு, உள்ளே நடப்பது ஒன்றுதான். திரையை ஒரு படம் எடுக்கிறது. அந்தப் படத்தையும் நாம் கொடுத்த வேலையையும் மாடலுக்கு அனுப்புகிறது. மாடல் ஒரே ஒரு செயலைத் திருப்பி அனுப்புகிறது, இப்படி:

```json
{"action": "left_click", "coordinate": [412, 530]}
```

நம் கணினியில் இருக்கும் ஒரு சின்ன நிரல் மவுஸை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் அழுத்துகிறது. பிறகு மறுபடி ஒரு படம். ஒரு படிவம் நிரப்ப இப்படி முப்பது, நாற்பது சுற்று.

மனிதன் வேலை செய்வது போலத்தானே இருக்கிறது என்று தோன்றும். அப்படி இல்லை. நாம் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். கை போகும்போதும் கண் பார்க்கிறது. குறுக்கே ஏதாவது வந்தால் விரல் நின்றுவிடும். ஏஜென்ட் ஒரு புகைப்படத்தைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு, சில நொடி கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறது. படம் எடுத்ததற்கும் அழுத்துவதற்கும் நடுவே திரையில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. கீழே நான் சொல்லும் கோளாறுகளில் பாதி இந்த இடைவெளியில் பிறந்தவை.

வரிசை எண், கேப்ட்சா, ஓடிபி எல்லாம் உள்ள உண்மையான அரசுத் தளத்தில் இதைச் சோதிப்பது சரியில்லை. கேப்ட்சா இருக்கிறது என்றாலே இயந்திரம் உள்ளே வராதே என்று பொருள். தவிர அங்கே உருவாவது சட்டப்படியான ஆவணம், விளையாட்டு இல்லை. அதனால் இ-வே பில் படிவத்தைப் போன்ற கட்டங்கள் உள்ள ஒரு போலிப் பக்கத்தை என் லேப்டாப்பிலேயே செய்துகொண்டேன். அதில் வேண்டுமென்றே ஒரு பாப்-அப்.

```html
<script>
setTimeout(() => {
  const box = document.getElementById("notice");
  box.style.display = "block";
  box.tabIndex = -1;
  box.focus();
}, 4000 + Math.random() * 8000);
</script>
```

நான்கு முதல் பன்னிரண்டு நொடிக்குள் எப்போதாவது ஒருமுறை, 'உங்கள் அமர்வு முடியப் போகிறது, தொடரவா?' என்று ஒரு பெட்டி திரையின் நடுவில் வரும். அது வந்ததும் கீபோர்டின் கவனம் பெட்டிக்குப் போய்விடும். நாம் தினமும் பார்க்கும் சமாச்சாரம்தான்.

ஒரு ஓட்டம்

பாப்-அப் வந்தால் ஏஜென்ட் முழித்துக்கொண்டு நிற்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். பெரும்பாலும் நிற்கவில்லை. பெட்டியைப் படித்து, 'தொடர்' பட்டனை அழுத்தி, வேலையைத் தொடர்ந்தது. ஆரம்பத்தில் எனக்கே பரவாயில்லையே என்று இருந்தது. ஒரு ஓட்டத்தை மட்டும் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

அந்த ஓட்டத்தில் பார்ட்-ஏ முழுக்கச் சரியாக நிரம்பியிருந்தது. அடுத்து வண்டி எண். என் பக்கத்தில் அந்தக் கட்டத்தில் முந்தைய பில்லின் வண்டி எண் முன்னதாகவே நிரம்பியிருக்கும்படி வைத்திருந்தேன். பல மென்பொருள்களில் இப்படி இருக்கும், டைப் அடிக்கும் வேலை குறையட்டும் என்று. ஏஜென்ட் கட்டத்தைக் கிளிக் செய்தது, பழைய எண்ணை மொத்தமாகத் தேர்வு செய்தது. அடுத்த செயல், புது எண்ணை டைப் செய்வது. அந்த இடைவெளியில் பெட்டி வந்துவிட்டது. கவனம் பெட்டிக்குப் போனது. டைப் செய்த எழுத்துகள் எல்லாம் பெட்டியிடம் போய், அதற்கு அவை தேவையில்லாததால் காணாமல் போயின.

அடுத்த படத்தில் ஏஜென்ட் பெட்டியைக் கண்டது. 'தொடர்' என்பதை அழுத்தி மூடியது. அதற்கடுத்த படத்தில் படிவம். வண்டி எண் கட்டத்தில் ஓர் எண் இருக்கிறது. TN 28 என்று தொடங்கும் எண், நாமக்கல் வண்டி. புது வண்டியும் TN 28தான். நிரப்பியாயிற்று என்று எடுத்துக்கொண்டு அது `Submit` அழுத்திவிட்டது.

முடிவில் அது எழுதிய அறிக்கையில் புது வண்டி எண்ணைத்தான் எழுதியிருந்தது. திரையில் உருவான பில்லில் இருந்ததோ நேற்றைய வண்டி.

இதில் கவனிக்க வேண்டியது அந்த அறிக்கை. ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. புது எண்ணை டைப் செய்ய உத்தரவு அனுப்பியது அதன் ஞாபகத்தில் இருக்கிறது. அது போய்ச் சேரவில்லை என்பது எங்கும் இல்லை. தான் செய்ய நினைத்ததை நடந்ததாக எழுதிவிட்டது. நம் ஊர் ஆபீஸ்களில் பையனை அனுப்பி 'குடுத்துட்டியாடா' என்று கேட்டால், டேபிள்மேல் வைத்துவிட்டு வந்தவன் 'குடுத்துட்டேண்ணா' என்பான் இல்லையா, அந்த மாதிரி.

நிஜத்தில் இது நடந்தால் என்ன ஆகும்? வண்டி எண்ணில் ஒன்றிரண்டு எழுத்து தவறினால் பெரிய நடவடிக்கை வேண்டாம் என்று 2018 செப்டம்பரில் மத்திய அரசின் மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதற்கு அபராதம் மத்திய, மாநில வரிக்கு ஐந்நூறு ஐந்நூறாக மொத்தம் 1,000 ரூபாய். ஆனால் அந்தச் சலுகை கைத்தவறுக்குத்தான். வண்டியே வேறு என்றால் அது பொருந்தாது. ஜிஎஸ்டி சட்டம் 129ஆம் பிரிவில் சரக்கையும் வண்டியையும் நிறுத்தி வைக்கலாம். வரி கட்ட வேண்டிய சரக்கின் உரிமையாளர் முன்வந்தால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். சேலத்திலிருந்து புனே போகும் லோடு வழியில் எங்கேயோ இரண்டு நாள் நின்றால், அபராதத்தை விட டிரைவருக்கும் பார்ட்டிக்கும் பதில் சொல்வதுதான் பெரிய பாடு.

பழைய மேக்ரோ நின்றுவிடும், இது நிற்காது

கிளிக் செய்யும் நிரல்கள் நமக்குப் புதிது இல்லை. பத்துப் பதினைந்து வருடமாக நானே எழுதியிருக்கிறேன். பக்கத்தில் மூன்றாவது அட்டவணை, நான்காவது வரிசை, அதிலுள்ள பட்டன் என்று முகவரி கொடுத்து வைப்போம். தளத்தை மாற்றினார்கள் என்றால் மறுநாள் காலை நிரல் செத்துக் கிடக்கும். திட்டிக்கொண்டே திருத்துவோம். இன்றைய பிளேரைட் போன்ற கருவிகள் இன்னும் கண்டிப்பானவை. நாம் சொன்ன பட்டன்மேல் வேறு ஏதாவது மூடியிருந்தால் கிளிக் செய்யாமல் காத்திருந்து, கடைசியில் `intercepts pointer events` என்று காரணம் சொல்லி நின்றுவிடும்.

ஏஜென்டின் பெருமையே அது நிற்காது என்பதுதான். பட்டன் இடம் மாறினாலும் தேடிக் கண்டுபிடித்துவிடும். விற்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள், அது உண்மையும்கூட. ஆனால் தப்பு நடந்த இடத்திலும் அது நிற்பதில்லை. சந்தேகத்தை ஏதோ ஒரு நியாயமான ஊகத்தால் நிரப்பிக்கொண்டு போய்விடுகிறது. நின்றுபோன மேக்ரோவால் எனக்கு ஒரு காலை வேளை நஷ்டம். நிற்காமல் போன ஏஜென்டால் என்ன நஷ்டம் என்று நானாகத் தேடினால்தான் தெரியும்.

பக்கம் நழுவும்போது

பாப்-அப்பை எடுத்துவிட்டு இரண்டாவதாக ஒன்று செய்தேன். வாங்குபவர்களின் பட்டியல் உள்ள பக்கம். ஒவ்வொரு வரிசையும் 40 பிக்சல் உயரம், வலது ஓரத்தில் `Select`. பக்கம் திறந்து மூன்று நொடி கழித்து மேலே 40 பிக்சலில் ஓர் அறிவிப்புப் பட்டை சேரும், 'இன்றிரவு பராமரிப்புப் பணி' என்பது போல. பட்டை சேர்ந்ததும் கீழே உள்ளதெல்லாம் 40 பிக்சல் இறங்கும்.

ஏஜென்ட் படம் எடுத்தபோது பட்டை இல்லை. ஐந்தாவது வரிசையின் இடத்தைக் குறித்துக்கொண்டது. அழுத்தும்போது பட்டை வந்துவிட்டது, அந்த இடத்துக்கு நான்காவது வரிசை இறங்கியிருந்தது. கச்சிதமாக ஒரு வரிசை தள்ளி வேறு பார்ட்டி தேர்வானார். இது நம் எல்லோருக்கும் கைப்பேசியில் நடக்கும்; செய்தியைத் தொடப் போனால் விளம்பரம் வந்து விரலுக்குக் கீழே உட்கார்ந்துவிடும். நாம் அடுத்த கணமே 'அடச்சே' என்று திரும்பி வருகிறோம். ஏஜென்டும் சில நேரம் திரும்பி வந்தது, அடுத்த பக்கத்தில் பெயர் பெரிதாக இருந்தபோது. பெயர் இல்லாமல் வெறும் குறியீட்டு எண் மட்டும் இருந்த பக்கத்தில் வரவில்லை.

அளவுப் பிரச்சினையும் ஒன்று உண்டு. 1920 பிக்சல் அகலத் திரையை மாடலுக்கு அனுப்பும்போது 1280 அளவுக்குச் சுருக்கி அனுப்புவது வழக்கம். பெட்டியை மூடும் சின்ன பெருக்கல் குறி 12 பிக்சல் என்றால் சுருங்கிய படத்தில் எட்டு. மாடல் சொன்ன புள்ளியை மறுபடி ஒன்றரை மடங்கு பெருக்கித்தான் மவுஸ் போகும், இரண்டு மூன்று பிக்சல் பிசகும் கூடவே பெருகும். அந்தச் சின்னக் குறியை இரண்டு முறை தவறவிட்டபின் ஏஜென்ட் என்ன செய்யும்? பெட்டியில் பெரிதாக, பச்சையாக இருக்கும் 'ஆம்' பட்டனுக்குப் போய்விடும். பெட்டியை வடிவமைப்பவர்களும் நாம் அதைத்தான் அழுத்த வேண்டும் என்று பெரிதாக வைக்கிறார்கள்.

கண்ணுக்கே தெரியாத பெட்டியும் இருக்கிறது. பழைய தளங்களில் 'நிச்சயமாகச் சமர்ப்பிக்கவா?' என்று உலாவியே காட்டும் சாம்பல் நிறப் பெட்டி வருமே, `confirm()` வகை. அது பக்கத்தின் பகுதி இல்லை, உலாவியின் பகுதி. பக்கத்தை மட்டும் படம் எடுக்கும் ஏஜென்டுகளுக்கு அது படத்தில் வராது. அதோடு பிளேரைட்டில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அந்தப் பெட்டிகள் தானாகவே நிராகரிக்கப்படும், அதாவது யாருக்கும் தெரியாமல் `Cancel` அழுத்தப்படும். ஏஜென்ட் `Submit` அழுத்தும், எதுவும் நடக்காது, மறுபடி அழுத்தும், மறுபடி ஒன்றும் நடக்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

பெட்டியில் எழுதியதை யார் சொன்னது?

இதுவரை சொன்னது எல்லாம் யாரும் கெடுதல் நினைக்காமல் நடப்பவை. வேண்டுமென்றே செய்தால்? 2024 நவம்பரில் யான்ஜே ஜாங், தாவ் யூ, தியீ யாங் மூவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏஜென்ட்களைச் சோதிக்கப் பயன்படும் ஓஎஸ்வேர்ல்டு, விஷுவல்வெப்அரீனா என்ற இரண்டு சூழல்களில் பாப்-அப்களைத் திணித்து, அழுத்துகிறதா என்று பார்த்தார்கள். சராசரியாக 86 சதவீதம் அழுத்திவிட்டது. வேலையை வெற்றிகரமாக முடிக்கும் விகிதம் 47 சதவீதம் குறைந்தது. 'பாப்-அப்பைக் கண்டுகொள்ளாதே' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பார்த்தார்கள், பெட்டியில் 'இது விளம்பரம்' என்று போட்டும் பார்த்தார்கள். பெரிய பயன் இல்லை. மாடல்கள் அதன்பின் நிறைய முன்னேறியிருக்கின்றன. அந்த எண்களை இன்றைய மாடலுக்கு அப்படியே சொல்ல முடியாது. காரணம் மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது.

நமக்கு ஒரு பெட்டி வந்தால், இது இந்தத் தளம் சொல்வதா, நடுவில் புகுந்த விளம்பரமா என்று ஓரளவு தெரிகிறது. எழுத்துரு, நிறம், மொழி நடை, 'நம்ம தளத்துல இப்படி வராதே' என்ற பழக்கம். ஏஜென்டுக்கு முதலாளி கொடுத்த வேலையும் எழுத்துதான், திரையில் வந்த பெட்டியும் எழுத்துதான். இரண்டும் ஒரே வாசல் வழியாக உள்ளே போகின்றன. 'தொடர்வதற்கு இங்கே அழுத்தவும்' என்பதை வேலையின் ஒரு படியாக எடுத்துக்கொள்வதில் அதற்கு எந்தச் சங்கடமும் இல்லை.

எங்கே கண் வைப்பது

நண்பனிடம் இதைக் காட்டியதும் அவன் உடனே சொன்ன தீர்வு, "ஒவ்வொரு கிளிக்குக்கும் நம்மளக் கேக்கச் சொல்லிரு." கணக்கு பார்க்கும் பெண்ணை உட்கார வைத்து அதையும் செய்து பார்த்தோம். முதல் இரண்டு மூன்று கேள்விக்கு நிதானமாகப் படித்தார். அதன்பின் விரல் தானாகவே `y` அழுத்த ஆரம்பித்துவிட்டது. "அண்ணா, இதுக்கு நானே அடிச்சிருவேன்" என்றார். நியாயம்தான். நாற்பது முறை கேட்டால் எந்த முறை முக்கியம் என்பது தெரியாமல் போகும்.

ஒரே ஒரு இடத்தில் கேட்க வேண்டும், அது திரும்ப முடியாத படியாக இருக்க வேண்டும். மேலே ஞாபகத்தில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். கட்டங்களை நிரப்புவது, பக்கம் மாறுவது எல்லாம் தப்பினாலும் போகட்டும். பார்ட்-ஏ உருவாகும் அந்த ஒரு அழுத்தலுக்கு முன்னால் ஆள் வேண்டும். வண்டி எண் தப்பினால் பார்ட்-பி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் வண்டி ஆலைக் கேட்டைத் தாண்டும் முன் தெரிய வேண்டும்.

ஆள் எதைப் பார்த்துச் சரி சொல்வது என்பது அடுத்த கேள்வி. ஏஜென்டின் அறிக்கையைப் பார்த்துச் சொன்னால் பயனில்லை, அதில் புது வண்டி எண்தான் இருக்கும். ஏஜென்டிடம் 'கடைசியில் கேள்' என்று எழுதிக் கொடுப்பதையும் நான் நம்பவில்லை. பாப்-அப்பைக் கண்டுகொள்ளாதே என்று எழுதிக் கொடுத்தது போலத்தான் அதுவும். பூட்டு ஏஜென்டுக்கு வெளியே இருக்க வேண்டும். என் போலிப் பக்கத்தில், உலாவியிலிருந்து வெளியே போகும் தரவையே வழியில் நிறுத்தினேன்:

```python
def gate(route):
    if route.request.method == "POST":
        print(route.request.post_data)
        if input("சரியா? (y/n) ") != "y":
            route.abort()
            return
    route.continue_()

page.route("**/save", gate)
```

இப்போது திரையில் வருவது ஏஜென்ட் நினைத்தது இல்லை, சர்வருக்கு நிஜமாகப் போகவிருக்கும் வண்டி எண், மதிப்பு, வாங்குபவர். அந்த மூன்றையும் கையிலுள்ள இன்வாய்ஸோடும் வெளியே நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டோடும் ஒப்பிட அரை நிமிடம் போதும். நேற்றைய வண்டி எண் இங்கே உடனே மாட்டியது. எல்லாத் தளத்துக்கும் இது ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில தளங்கள் தரவை மறைகுறியாக்கி அனுப்பும், அங்கே நமக்கு வெறும் குழப்பமான எழுத்துகள்தான் தெரியும். அப்படியென்றால் சமர்ப்பிக்கும் முன் வரும் முன்னோட்டப் பக்கத்தை மனிதனே தன் கண்ணால் பார்த்துத் தானே அழுத்துவதுதான் வழி.

இடைவெளிப் பிரச்சினைக்குச் சின்ன வைத்தியம் ஒன்று உண்டு. மவுஸை அழுத்தும் நிரல், அழுத்துவதற்குச் சற்று முன் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு 80 பிக்சல் சதுரத்தை மட்டும் மறுபடி படம் எடுத்து, மாடல் பார்த்த படத்தோடு ஒப்பிடலாம். மாறியிருந்தால் அழுத்தாமல் புதுப் படம் எடுத்து மாடலிடமே திரும்பக் கொடுக்கலாம். வரிசை நழுவும் கோளாறு இதில் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. டைப் செய்யும் முன் கவனம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று `document.activeElement` மூலம் பார்ப்பதும், டைப் செய்தபின் கட்டத்தின் மதிப்பைத் திரும்பப் படிப்பதும் அதே ரகம். பாப்-அப்புக்கு, எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பெட்டிகளின் வாசகங்களை மட்டும் பட்டியலில் வைத்தேன். அதில் இல்லாத பெட்டி எது வந்தாலும் ஏஜென்டை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடும். வாரத்தில் சில முறை வீணாகக் கூப்பிடத்தான் செய்யும். கூப்பிடட்டும்.

இதையெல்லாம் செய்து முடித்தபின் நண்பனிடம் சொன்னது வேறு. இ-வே பில்லுக்கு இந்த ஏஜென்டே வேண்டாம். அந்தத் தளத்தில் ஜேசான் கோப்பாகப் பல பில்களை மொத்தமாக ஏற்றும் வசதி இருக்கிறது. அவன் வைத்திருக்கும் கணக்கு மென்பொருளே அந்தக் கோப்பைத் தரும். கோப்பில் பாப்-அப் கிடையாது, வரிசை நழுவாது. 2025இல் படிப்படியாக எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயமானதிலிருந்து உள்ளே நுழைய ஓடிபியும் வேண்டும், அதற்கு எப்படியும் ஆள் வேண்டும். ஒழுங்கான பின்வாசல் இருக்கும் இடத்தில் முன்வாசலில் ஏஜென்டை நிறுத்தி, கூட்டத்தில் இடிபட விடுவானேன்.

ஏஜென்டுக்கு அவனிடம் வேறு வேலை கிடைத்தது. சரக்கு வாங்கும் நிறுவனங்கள் நாலைந்துக்கு ஆளுக்கொரு தளம், ஒவ்வொன்றிலும் லோடு இறங்கியதா, பணம் எந்த நிலையில் இருக்கிறது என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும். பின்வாசல் எதிலும் இல்லை, வடிவமும் அடிக்கடி மாறும். அங்கே அது படிக்க மட்டும் செய்கிறது. எதையும் சமர்ப்பிக்கும் உரிமை அந்தக் கணக்குகளுக்கு இல்லை; பார்வைக்கு மட்டுமான தனி லாகின் கேட்டு வாங்கினான். தராத ஒரு நிறுவனத்தின் தளத்தை மட்டும் இன்றும் அந்தப் பெண்தான் திறந்து பார்க்கிறார். ஏஜென்ட் ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் அந்த இடத்தின் படத்தை வெட்டி ஒட்டி வைக்கிறது, எண்ணை நம்ப வேண்டியதில்லை, படத்தைப் பார்த்தால் போதும்.

ராத்திரி பில்லுக்கு அவன் இன்னும் ஆபீஸுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறான். முன்பு முக்கால் மணி நேரம் ஆன வேலை இப்போது, கோப்பு தயாராக இருப்பதால், வண்டி எண்ணைச் சேர்த்து ஏற்றிவிட்டு ஒரு டீ குடித்துக் கிளம்பும் அளவுக்கு வந்திருக்கிறது.